குப்பைக் கிடங்குக் கசிவுநீர்: அம்மோனியா இறங்கவில்லை என்றால் எங்கே பார்ப்பது?

குப்பைமேட்டுக்கு அடியிலிருந்து வரும் கசிவுநீரை, அதாவது லீச்சேட்டை, முதலில் ஒரு தொட்டியில் தேக்கிப் படிய விட்டு, அப்புறம் ஏரேஷன் குளத்தில் காற்றூட்டி, மறுபடி கசடைப் படிய வைத்து, கடைசியாக நாணல் வளர்ந்த சரளைப் படுகை வழியாக ஓடவிட்டு வெளியே அனுப்புகிற அமைப்பை வைத்திருப்பவர்களுக்கு இது. நீங்கள் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள், ஏதோ ஒன்று சரியில்லை என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். புதிதாக வடிவமைக்கிறவர்களுக்கான குறிப்பு அல்ல.

பெரும்பாலும் புகார் ஒன்றுதான்: கடைசி வாயில் அம்மோனியா இறங்கவில்லை. அதைப் பார்த்ததும் எல்லாரும் நாணல் படுகையைத்தான் சந்தேகிக்கிறார்கள், ஏனென்றால் தண்ணீர் வெளியே வருவது அங்கிருந்துதானே. என் அனுபவத்தில் படுகையில் தெரிகிற கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் அதற்கு மேலே, ஏரேஷன் குளத்தில்தான் இருக்கும். அதனால் வெளிவாயிலிருந்து பின்னோக்கிப் போகாதீர்கள், ஏரேஷனிலிருந்து தொடங்குங்கள்.

அதற்கு முன் சில அளவுகள் கையில் இருக்க வேண்டும். உள்ளே வரும் கசிவுநீர், ஏரேஷன் குளத்தின் வெளிவாய், படுகையின் வெளிவாய் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் அம்மோனியா நைட்ரஜன், காரத்தன்மை, பிஎச், குளோரைடு நான்கையும் எடுங்கள். ஏரேஷன் குளத்தில் கரைந்த ஆக்சிஜனையும் வெப்பநிலையையும் மீட்டரை உள்ளே இறக்கி அங்கேயே பாருங்கள், பாட்டிலில் எடுத்துக்கொண்டு வந்து அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. பிஓடி, சிஓடி இரண்டும் பிறகு வேண்டும், ஆனால் முதல் நாளில் இந்த நான்கும் இரண்டும் போதும். அப்புறம் ஒன்று, மாதிரி எடுக்க கசிவுநீர்க் கிணற்றுக்குள்ளோ மூடிய தொட்டிக்குள்ளோ இறங்க வேண்டாம். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சம் அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. கயிறு கட்டிய குவளையால் மேலிருந்தே எடுங்கள்.

அறிகுறி: அம்மோனியா ஓரளவு இறங்கி ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது, பிஎச் விழுகிறது, ஆக்சிஜன் நன்றாகவே இருக்கிறது

நான் அதிகம் பார்த்தது இதைத்தான், தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். அம்மோனியா நிற்கிறது என்றதும் காற்று போதவில்லை என்று முடிவு செய்து இன்னொரு ப்ளோயர் வாங்கி மாட்டுகிறார்கள், மின்கட்டணம் ஏறுகிறது, அம்மோனியா அசையவில்லை. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4, 5 மில்லிகிராம் என்று காட்டினால் காற்று போதாமல் இல்லை, ஊட்டிய காற்றை எடுத்துக்கொள்ள யாரும் இல்லை என்றுதான் பொருள். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா வேலையை நிறுத்திவிட்டது.

ஏன் நிறுத்தியது? அந்த மாற்றம் நடக்கும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட் ஆவதற்கு, கால்சியம் கார்பனேட் கணக்கில் சொன்னால், 7.14 கிராம் காரத்தன்மை கரைந்துபோகிறது. கசிவுநீரில் காரத்தன்மை ஏராளமாக இருக்கிறதே என்று தோன்றும், உண்மைதான், லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் இருக்கும். ஆனால் பழைய குப்பைமேட்டுக் கசிவுநீரில் அம்மோனியம் பெரும்பாலும் பைகார்பனேட்டோடு ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் சேர்ந்து வருகிறது. நைட்ரேட் ஆக்கவோ ஒவ்வொரு அம்மோனியத்துக்கும் இரண்டு பைகார்பனேட் செலவாகும். அதாவது தண்ணீர் கொண்டுவரும் காரம் பாதி வேலைக்கு நிச்சயம் வரும், மீதிக்கு வேறு உப்புகளிலிருந்து எவ்வளவு காரம் சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

எண்களோடு பார்ப்போம். நாளுக்கு 60 கன மீட்டர் வருகிறது, ஏரேஷன் குளம் 900 கன மீட்டர், உள்ளே வருவதில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 800 மில்லிகிராம், காரத்தன்மை 4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு 800-ஐயும் மாற்ற 800-ஐ 7.14-ஆல் பெருக்கினால் சுமார் 5,700 காரத்தன்மை வேண்டும். இருப்பது 4,000. பிஎச் நிலையாக இருக்கக் கடைசியில் ஒரு 100-ஆவது மிஞ்ச வேண்டும், ஆக செலவழிக்கக் கிடைப்பது 3,900. அதை 7.14-ஆல் வகுத்தால் 546. எவ்வளவு காற்று ஊட்டினாலும் ஏறக்குறைய 546-தான் மாறும், 250 சொச்சம் அப்படியே வெளியே வரும். ஏரேஷன் வெளிவாயில் அம்மோனியா 250 பக்கத்தில் பல வாரமாக நிற்கிறது, காரத்தன்மை 50-க்கும் கீழே, பிஎச் 6.2 என்று கண்டால் நோய் இதுதான், வேறு எதையும் தேடாதீர்கள்.

பிஎச்சை மட்டும் பார்த்து ஏமாறுவதும் உண்டு. பலமாகக் காற்றூட்டும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுவதால், காரத்தன்மை தீர்ந்துகொண்டே வரும்போதும் பிஎச் கொஞ்ச நாள் நன்றாகவே நின்று, பிறகு திடீரென்று சரியும். அதனால் வாரம் ஒரு முறையாவது காரத்தன்மையை டைட்ரேஷன் செய்யுங்கள். பியூரெட், நீர்த்த அமிலம், நிறங்காட்டி இருந்தால் பத்து நிமிட வேலை.

சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, வெளியிலிருந்து காரம் சேர்ப்பது. மேலே சொன்ன கணக்கில் லிட்டருக்கு 1,800 மில்லிகிராம் பற்றாக்குறை, 60 கன மீட்டருக்கு நாளுக்கு 108 கிலோ. சோடா ஆஷாகச் சேர்த்தால் சுமார் 115 கிலோ, சோடியம் பைகார்பனேட்டாகச் சேர்த்தால் சுமார் 180 கிலோ. நினைத்ததைவிட அதிகம்தான். இவ்வளவு சோடியமும் பிறகு நாணல் படுகைக்குப் போகும் என்பதையும் மறக்க வேண்டாம். கரைத்து, நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மூட்டையை ஒரேயடியாகக் கொட்டினால் அந்த இடத்தில் பிஎச் ஏறி, இருக்கும் அம்மோனியத்தில் ஒரு பங்கு விஷத்தன்மையுள்ள அம்மோனியா வாயுவாக மாறிவிடும். 25 டிகிரியில் பிஎச் 7-இல் இந்தப் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை, 8-இல் ஐந்து சதவீதம், 8.5-இல் பதினைந்துக்குப் பக்கம். சுண்ணாம்பு மலிவாகக் கிடைக்கிறது என்று அதைச் சேர்ப்பவர்கள் உண்டு, ஆனால் டிஃப்யூசரிலும் குழாயிலும் வெள்ளைப் படிவு கட்டினால் மிச்சம் பிடித்த காசு அதைச் சுரண்டுவதிலேயே போய்விடும்.

இரண்டாவது வழி, உண்டான நைட்ரேட்டைக் காற்றில்லாத இடத்துக்குத் திருப்பி அனுப்பி நைட்ரஜன் வாயுவாக்குவது. அப்படிச் செய்தால் செலவான காரத்தில் பாதி, ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 3.57 கிராம், திரும்பக் கிடைக்கிறது. குளத்தின் முன்பகுதியைத் தடுத்துக் காற்றில்லாமல் கலக்கிக்கொண்டே இருக்கலாம், அல்லது ப்ளோயரை இரண்டு மணி நேரம் ஓட்டி ஒரு மணி நேரம் நிறுத்தி அதே குளத்திலேயே செய்யலாம். கேட்க அழகாக இருக்கும், ஆனால் நைட்ரேட்டை வாயுவாக்கும் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு வேண்டும்: ஒரு கிராம் நைட்ரேட் நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 4 கிராம் பிஓடி. புதிய குப்பைமேட்டுக் கசிவுநீரில் பிஓடி ஆயிரக்கணக்கில் இருக்கும், அங்கே இது நன்றாக ஓடும். பழையதில் பிஓடி 400 என்றால் 100 மில்லிகிராம் நைட்ரஜனோடு நின்றுவிடும், திரும்பக் கிடைக்கும் காரமும் 350 சொச்சம்தான். மீதிக்கு மெத்தனாலோ கரும்புப் பாகுக் கழிவோ வெளியிலிருந்து ஊட்ட வேண்டும், அல்லது சோடா ஆஷோடு சேர்த்துச் செய்ய வேண்டும். எந்த வழியானாலும் மறுநாளே எண் இறங்காது. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா மிக மெதுவாகப் பெருகும், இரண்டு மூன்று வாரம் பொறுங்கள்.

அறிகுறி: பிஎச் 7.5-க்கு மேல், காரத்தன்மை நிறைய மிச்சம், ஆனாலும் அம்மோனியா அப்படியே

இங்கே காரம் தீரவில்லை, வேலையே தொடங்கவில்லை. கரைந்த ஆக்சிஜனைப் பாருங்கள். 1-க்குக் கீழே இருந்தால் காற்றுப் பஞ்சம்தான், இப்போது ப்ளோயரைப் பற்றி யோசிக்கலாம். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நம் உதாரணத்தில் நாளுக்கு 48 கிலோ நைட்ரஜன், ஆக 220 கிலோ ஆக்சிஜன், பிஓடிக்கு வேண்டியது தனி. மேற்பரப்பு ஏரேட்டர்கள் களத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் ஒரு கிலோ ஆக்சிஜன் கரைக்கும் என்று எடுத்துக்கொண்டால் அம்மோனியாவுக்கு மட்டுமே 9 கிலோவாட் இடைவிடாமல் ஓட வேண்டும். உங்களிடம் 5 கிலோவாட் ஏரேட்டர் ஒன்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது. டிஃப்யூசர் வைத்திருந்தால் குமிழ்களைக் கவனியுங்கள். ஓர் இடத்தில் மட்டும் பெரிதாகக் கொப்பளித்து மற்ற இடம் அமைதியாக இருந்தால் அங்கே சவ்வு கிழிந்திருக்கிறது, அமைதியான இடத்தில் அடைத்திருக்கிறது.

ஆக்சிஜனும் 2-க்கு மேல் இருந்து அம்மோனியா இறங்கவில்லை என்றால், கடந்த ஒரு மாத மழையைத் திரும்பிப் பாருங்கள். கசடைத் திருப்பி அனுப்பாத குளத்தில் தண்ணீர் எத்தனை நாள் தங்குகிறதோ அத்தனை நாள்தான் பாக்டீரியாவும் தங்கும். 900 கன மீட்டர் குளத்தில் நாளுக்கு 60 வரும்போது 15 நாள். பெருமழையில் வரத்து 180 ஆனால் 5 நாள். பெருகுகிற வேகத்தைவிட அடித்துச் செல்லப்படும் வேகம் அதிகமாகி, சில வாரத்தில் குளம் வெறுமையாகிவிடும். மழை நின்ற பிறகும் அம்மோனியா ஏறிக்கொண்டே போவது இதற்கு அடையாளம். அப்போது செய்ய வேண்டியது உள்வரத்தைக் குறைத்து, மிச்சத்தை முன்தொட்டியில் தேக்கிவைத்து, நன்றாக நைட்ரேட் ஆக்கிக்கொண்டிருக்கும் ஒரு சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடை லாரியில் கொண்டுவந்து குளத்தில் விதைப்பது. நிரந்தரத் தீர்வு, ஏரேஷனுக்குப் பின்னுள்ள படிவுத் தொட்டியிலிருந்து கசடைப் பம்ப் செய்து திரும்பக் குளத்துக்கே அனுப்புவது. அப்படிச் செய்தால் தண்ணீர் 5 நாளில் போனாலும் பாக்டீரியா 20 நாள் இருக்கும். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே குளிர்கிற இடங்களில் இதற்கும் கூடுதலாகத் தங்க வேண்டியிருக்கும்.

இன்னொரு காரணம், பாஸ்பரஸ் பற்றாக்குறை. கசிவுநீரில் நைட்ரஜன் கொட்டிக்கிடக்கும், பாஸ்பரஸ் பெரும்பாலும் சொற்பம், இருப்பதையும் இரும்பு பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். ஏரேஷன் வெளிவாயில் வடிகட்டிய தண்ணீரில் பாஸ்பேட் பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கும் கீழே இருந்தால் கொஞ்சம் பாஸ்பாரிக் அமிலம் விட்டுப் பாருங்கள். நூறு பங்கு பிஓடிக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ் என்பது பழைய கணக்கு, பழைய கசிவுநீருக்கு அதிகமே தேவைப்படாது.

அறிகுறி: அம்மோனியா இறங்கிவிட்டது, ஆனால் நைட்ரைட் ஏறிவிட்டது

மாற்றம் இரண்டு படிகளில் நடக்கிறது, இரண்டாவது படியைச் செய்யும் பாக்டீரியா கொஞ்சம் மென்மையானது. வாயு வடிவ அம்மோனியா லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தாலே அது தயங்கும், ஆக்சிஜன் குறைந்தாலும் முதலில் நிற்பது அதுதான். புதிதாகத் தொடங்கிய குளத்தில் சில வாரம் நைட்ரைட் தெரிவது சாதாரணம், தானாகப் போய்விடும். ஓடிக்கொண்டிருந்த குளத்தில் திடீரென்று வந்தால் பிஎச் 8-ஐத் தாண்டியிருக்கிறதா, ஆக்சிஜன் 2-க்குக் கீழே போயிருக்கிறதா என்று பாருங்கள். நைட்ரைட் மீனுக்கு நஞ்சு. சிஓடி ஆய்விலும் ஒரு மில்லிகிராம் நைட்ரைட் நைட்ரஜன் 1.14 மில்லிகிராம் சிஓடியாகத் தெரியும், ஆகவே சிஓடியும் ஏறிவிட்டதே என்று தனியாகக் கவலைப்பட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

அறிகுறி: படிவுத் தொட்டியில் கசடு மேலே மிதக்கிறது

ஒரு லிட்டர் அளவு உருளையில் ஏரேஷன் குளத்துத் தண்ணீரை எடுத்து ஆடாமல் வையுங்கள். அரை மணி நேரத்தில் அழகாகப் படிந்து, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் கட்டியாக மேலே எழும்பி வந்தால், கசடுக்குள் நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகிக் குமிழ் கசடைத் தூக்குகிறது. குச்சியால் லேசாகக் கிளறினால் குமிழ் விட்டு மறுபடி இறங்கும். கசடு நன்றாகத்தான் இருக்கிறது, படிவுத் தொட்டியில் அதிக நேரம் கிடக்கிறது, அவ்வளவுதான். அடிக்கடி எடுத்துத் திருப்பி அனுப்புங்கள்.

அரை மணி நேரம் ஆகியும் பஞ்சு மாதிரி பாதி உருளைக்கு நின்றால் அது வேறு, இழை பாக்டீரியா பெருகியிருக்கிறது, ஆக்சிஜன் குறைவு அல்லது பாஸ்பரஸ் குறைவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மிதக்கும் கசடுக்கெல்லாம் பாலிமர் போடுகிறார்கள், தேவையில்லை.

அறிகுறி: நாணல் படுகையின் முகப்பில் தண்ணீர் மேலே தேங்குகிறது, சரளை ஆரஞ்சாகிவிட்டது

சரளைக்கு அடியில் ஓட வேண்டிய தண்ணீர் மேலே தெரிந்தால் எங்கோ அடைத்திருக்கிறது. எங்கே என்று தெரிய, படுகையின் நீளத்தில் துளையிட்ட குழாய்களைச் சில இடங்களில் செங்குத்தாக நட்டு உள்ளே நீர்மட்டம் பாருங்கள். முதல் இரண்டு மீட்டருக்குள் மட்டம் சட்டென்று விழுந்து பிறகு சமமாகப் போனால் முகப்பு அடைத்திருக்கிறது. கடைசி வரைக்கும் உயரமாகச் சமமாகவே இருந்தால் வெளிக்குழாயைப் பாருங்கள், சரளையைத் தோண்ட வேண்டாம்.

முகப்பில் அடைப்பது பெரும்பாலும் இரும்பு. கசிவுநீர் குப்பைக்குள் காற்றில்லாமல் இருக்கும்போது இரும்பு கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் வரும், காற்றுப் பட்டதும் துருவாகத் திரளும். அதனால்தான் முதல் படிவுத் தொட்டி மண்ணையும் சகதியையும் பிடிக்குமே தவிர இரும்பைப் பிடிக்காது. இரும்புக்குப் படிவு வேண்டியது ஏரேஷனுக்குப் பின்னால். அங்கே தொட்டியே இல்லாமல் ஏரேஷனிலிருந்து நேராகப் படுகைக்கு விட்டிருக்கும் அமைப்புகளில் சரளைதான் படிவுத் தொட்டியாகிவிடுகிறது.

சோதிப்பது சுலபம். படுகைக்குள் போகும் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பாதி நிரப்பி நன்றாகக் குலுக்கி ஓரிரு மணி நேரம் வையுங்கள். எடுத்தபோது தெளிவாக இருந்து, பிறகு ஆரஞ்சு வண்டல் இறங்கினால் இரும்பு கரைந்த நிலையிலேயே ஏரேஷனைத் தாண்டி வருகிறது, காற்றூட்டலில் கோளாறு. எடுக்கும்போதே ஆரஞ்சுத் துகளாக இருந்தால் காற்றூட்டல் சரி, படிவு போதவில்லை. குழாயில் ஒட்டியிருக்கும் படிவு வெள்ளையாக இருந்தால் அதன் மேல் கொஞ்சம் வினிகர் விடுங்கள், நுரைத்தால் கார்பனேட். அதை நீர்த்த அமிலம் கரைக்கும், துருவுக்கு அழுத்தமான தண்ணீர் அடித்துச் சுரண்டுவதுதான் சரி.

அடைத்த படுகையை மீட்க, இரண்டு படுகை இருந்தால் ஒன்றை முழுக்க வடித்துச் சில வாரம் ஓய்வு கொடுங்கள், உள்ளே சேர்ந்த பாக்டீரியாச் சளி காய்ந்து சிதைந்து வழி திறக்கும். இரும்பு அப்படிப் போகாது. முகப்பின் முதல் ஒன்றிரண்டு மீட்டர் சரளையை எடுத்துக் கழுவியோ மாற்றியோ போட வேண்டும், அந்த இடத்தில் 40 முதல் 80 மில்லிமீட்டர் பெரிய கல் போடுவது நல்லது. மேலே இருக்கிற படிவைச் சரிசெய்யாமல் இதைச் செய்தால் மறுபடியும் தோண்டுவீர்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் படுகையில் மட்டும் அம்மோனியா குறைவதில்லை

முதலில் படுகையிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கணக்குப் போடுங்கள். தண்ணீர் கிடைமட்டமாகச் சரளைக்கு அடியில் ஓடும் படுகையில் ஆக்சிஜன் மிகக் குறைவு. ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் போனாலே நல்ல வேலை. காரம் தீர்ந்த அந்தக் குளத்திலிருந்து லிட்டருக்கு 250 மில்லிகிராம் வந்தால், 60 கன மீட்டருக்கு 15 கிலோ, அதற்கு 15,000 சதுர மீட்டர் படுகை வேண்டும். ஏரேஷனைச் சரிசெய்து 20-க்குக் கொண்டுவந்தால் 1.2 கிலோ, 1,200 சதுர மீட்டர் போதும். படுகையைப் பெரிதாக்குவதைவிடக் காரத்தன்மையைக் கவனிப்பது மலிவு என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அம்மோனியா வேலையையும் படுகையே செய்ய வேண்டுமென்றால், மேலிருந்து விட்டு விட்டு ஊற்றி அடியில் வடிகிற செங்குத்துப் படுகை வேண்டும், ஒவ்வொரு முறை வடியும்போதும் அது காற்றை உள்ளே இழுக்கும். கிடைமட்டப் படுகை நைட்ரேட்டைக் குறைக்க நல்லது.

இரண்டாவது, குளோரைடு. இதை அளக்காமல் படுகையைப் பற்றிப் பேசவே கூடாது என்பேன். குளோரைடைச் செடியோ பாக்டீரியாவோ ஒன்றும் செய்வதில்லை, உள்ளே போனது அப்படியே வெளியே வரும். ஆகவே அது தண்ணீர் கூடியதா குறைந்ததா என்று சொல்லிவிடும். கோடையில் படுகைக்குள் அம்மோனியா 20, குளோரைடு 1,500 போகிறது, வெளியே அம்மோனியா 18, குளோரைடு 2,250 வருகிறது என்று வையுங்கள். படுகை எதுவும் செய்யவில்லை போலத் தெரியும். ஆனால் குளோரைடு ஒன்றரை மடங்கு ஆகியிருக்கிறது, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை நாணலும் வெயிலும் எடுத்துவிட்டன. எதுவும் நீங்கவில்லை என்றால் அம்மோனியா 30 ஆகியிருக்க வேண்டும், 18-தான் இருக்கிறது, அதாவது 40 சதவீதம் போயிருக்கிறது. மழைக்காலத்தில் தலைகீழ்: வெளியே அம்மோனியா 10, பாதி நீங்கிவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள், குளோரைடும் 750 ஆகியிருந்தால் மழைநீர் கலந்ததுதான் காரணம், படுகை ஒன்றும் செய்யவில்லை.

அறிகுறி: நாணல் மஞ்சளாகிறது

எந்த இடத்தில், எந்த இலை என்று பாருங்கள். இலை நுனியும் ஓரமும் கருகுவது படுகை முழுக்க ஒரே மாதிரி இருந்தால் உப்பு, குளோரைடு எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முகப்பு வரிசைகள் மட்டும் செத்துப் பின்வரிசைகள் பச்சையாக இருந்தால் அம்மோனியா அதிகமாகப் போகிறது, மறுபடி ஏரேஷனுக்குத்தான் திரும்ப வேண்டும். புது இலை மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் பிஎச் ஏறிச் செடிக்கு இரும்பு கிடைக்கவில்லை. புதிதாக நட்ட செடிக்கு முதல் பருவம் நல்ல தண்ணீரும் கொஞ்சம் கசிவுநீரும் கலந்து கொடுத்து மெதுவாகப் பழக்க வேண்டும், நட்ட வாரமே முழுக் கசிவுநீர் விட்டால் பிழைக்காது.

அறிகுறி: அம்மோனியா, பிஓடி எல்லாம் இறங்கிவிட்டது, தண்ணீர் இன்னும் டிக்காஷன் நிறத்தில் இருக்கிறது

இது கோளாறே இல்லை. அந்த நிறம் ஹியூமிக் அமிலங்கள், குப்பைக்குள் எந்த பாக்டீரியாவும் தின்ன முடியாமல் மிஞ்சியவை, உங்கள் குளத்து பாக்டீரியா மட்டும் எப்படித் தின்னும்? பிஓடி 20, சிஓடி 500 என்று வந்தால் மீதி சிஓடியில் பெரும்பகுதி இதுதான். காற்றைக் கூட்டினாலும் படுகையை நீட்டினாலும் இறங்காது. குளோரைடு அதிகமுள்ள தண்ணீரில் சிஓடி ஆய்வே கூடுதலாகக் காட்டும், ஆய்வகத்தில் மெர்குரிக் சல்பேட் போதுமான அளவு சேர்க்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். அனுமதி வரம்புக்குள் நிறமும் சிஓடியும் வர வேண்டிய கட்டாயம் இருந்தால் கிளர்வூட்டிய கரி, ஓசோன், அல்லது ஆர்.ஓ. என்று வேறு வகை அமைப்புக்குப் போக வேண்டும். கரி வாங்குவதற்கு முன், படுகையின் வெளிவாய்த் தண்ணீரை நான்கைந்து குவளைகளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு கரித்தூள் போட்டு, ஒரு மணி நேரம் கலக்கி, வடிகட்டி, சிஓடி பாருங்கள். எந்த அளவு வரைக்கும் இறங்குகிறது, அதற்குமேல் எங்கே நின்றுவிடுகிறது என்பது தெரிந்தால் நாளுக்கு எத்தனை கிலோ கரி ஆகும் என்பதும் தெரியும், வாங்கலாமா வேண்டாமா என்று அப்போது முடிவு செய்துகொள்ளலாம்.